3,420 வெள்ளி இருந்தும் 960 வெள்ளி கழியாதது ஏன்?

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். ஒரு நிறுவனம் கொடுத்த 2,400 வெள்ளிக் காசோலையை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிபோல வங்கியின் பெட்டியில் போட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசிச் செயலியில் Ledger Balance 3,420.00, Available Balance 870.00, Clearing Balance 2,400.00 என்று காட்டுகிறது. ஆனால் மகளின் பாலர் பள்ளிக் கட்டணம் 960 வெள்ளி ஜைரோவில் கழியவில்லை என்று செய்தி வந்திருக்கிறது. 3,420 இருக்கும்போது 960 ஏன் போகவில்லை? 870-ஐயும் 2,400-ஐயும் கூட்டினால் 3,270 தானே வருகிறது, மீதி 150 எங்கே? சனிக்கிழமை ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை ஹோட்டலில் தங்கவைத்தபோது என் டெபிட் கார்டைக் கொடுத்தேன். அறை வாடகையை அவர் முன்பே கட்டிவிட்டார். கார்டில் காசு எதுவும் எடுக்கவில்லை என்றுதான் ஹோட்டலில் சொன்னார்கள்.

பதில்:

உங்கள் பணம் ஒரு காசுகூடத் தொலையவில்லை. காணாமல் போனதாக நீங்கள் நினைக்கும் 150 வெள்ளி அந்த ஹோட்டலின் பெயரில் உங்கள் கணக்கிலேயே ஒதுங்கிக் கிடக்கிறது. பாலர் பள்ளிக் கட்டணம் நின்றுபோனதற்குக் காசோலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, இந்த 150 வெள்ளிக்கும் அதில் பங்கு உண்டு. நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் காசோலைப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன். "கணக்கில் பணம் இருக்கிறதே, ஏன் எடுக்க முடியவில்லை?" என்று கேட்டு வந்தவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். உங்கள் கேள்வியில் எல்லா எண்களும் சரியாக இருப்பதால் அவற்றை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் பேரேடு. வங்கி உங்கள் பெயரில் வைத்திருக்கும் வரவு செலவுப் புத்தகம் அது. இன்றைக்கு அது கணினிக்குள் இருக்கிறது; ஆனாலும் வேலை பழைய தடித்த புத்தகத்தின் வேலைதான். வந்ததை வரவில் எழுதுவார்கள், போனதைச் செலவில் எழுதுவார்கள். எழுதி முடித்த கணக்கின் கடைசி வரிதான் Ledger Balance. ஒரு காசோலையை வங்கி பெற்றுக்கொண்டவுடன், அது பணமாக மாறுமா மாறாதா என்று தெரிவதற்கு முன்பே, வரவில் எழுதிவிடுகிறது. அதனால்தான் 3,420 என்ற எண் அங்கே நிற்கிறது. உங்களிடம் 3,420 வெள்ளி இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. இதுவரை எழுதப்பட்டவற்றின் கூட்டல் அவ்வளவு, அதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதி சொல்வதில்லை.

அந்த வரவில் எவ்வளவு இன்னும் உறுதியாகவில்லை என்பதை Clearing Balance காட்டுகிறது. நீங்கள் போட்ட காசோலையின் பணம் வேறொரு வங்கியில் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. அது உங்கள் வங்கிக்கு வந்து சேரும்வரை 2,400 என்பது வரவேண்டிய பணம். தமிழில் இதைக் காத்திருக்கும் தொகை என்று வைத்துக்கொள்வோம். சில செயலிகள் இதற்கு Uncleared என்றோ Float என்றோ பெயர் வைத்திருக்கும், பொருள் ஒன்றுதான். ஆனால் Cleared Balance என்று போட்டிருந்தால் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். அது நேர் எதிரானது; காத்திருந்து முடிந்து கையில் சேர்ந்துவிட்ட பணத்தைக் குறிப்பது. சொல்லின் கடைசி எழுத்துகள் மாறும்போது கணக்கே தலைகீழாகிவிடுகிறது.

மூன்றாவது, Available Balance. இந்த நிமிடம் ஏடிஎம்மில் எடுக்கவோ, பேநவ் வழியாக அனுப்பவோ, நெட்ஸில் கட்டவோ, ஜைரோவில் கழியவோ வங்கி அனுமதிக்கும் தொகை. பேரேட்டு இருப்பிலிருந்து காத்திருக்கும் தொகையையும், யாருக்காவது ஒதுக்கிவைத்த தொகையையும் கழித்தால் இது கிடைக்கும். உங்கள் கணக்கு இப்படி நிற்கிறது:

```
Available = Ledger − Clearing − Hold
870       = 3,420  − 2,400    − 150
```

கடைசியில் இருக்கும் 150 உங்கள் செயலியின் முதல் பக்கத்தில் வராத நான்காவது எண். மூன்று எண்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நீங்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி வெள்ளிக்கிழமை மாலைக்குப் போவோம். சிங்கப்பூரில் வேலை நாளில் பிற்பகல் 3.30-க்குள் பெட்டியில் விழும் காசோலை அன்றைய கணக்கில் சேரும்; அடுத்த வேலை நாள் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு பணமாகக் கிடைக்கும். பொதுவான நடைமுறை இது. சில இடங்களில் பெட்டியை அதற்கு முன்பே திறந்து எடுத்துவிடுவார்கள், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அந்த நேரம் இருக்கும். நீங்கள் போட்டது ஐந்து மணிக்கு. அப்போது அன்றைய கட்டு போய்விட்டிருக்கும். சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. ஆகவே உங்கள் காசோலை மூன்று இரவுகள் அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் அதைத் திங்கட்கிழமைதான் கொடுத்தீர்கள்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்த காசோலைகளைத் தட்டி அடுக்கி, பின்பக்கம் கணக்கு எண் எழுதியிருக்கிறதா, பெறுநர் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றா, தேதி சரியா, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அவை வருடிக்குள் போகும். முன்பக்கமும் பின்பக்கமும் படமாகும். அடியில் காந்த மையில் அச்சிட்ட வரிசை எண்ணை இயந்திரம் படித்துக்கொள்ளும். 2003-க்கு முன்பு காசோலைத் தாள்களையே மூட்டை கட்டி, வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைப் பரிமாறிக் கணக்குத் தீர்க்கும் தீர்வகத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. அந்த ஆண்டு முதல் படம் மட்டும் போகிறது, தாள் வாங்கிய வங்கியிலேயே தங்கிவிடுகிறது.

படமும் விவரமும் தீர்வகத்தின் வழியாக அந்த நிறுவனத்தின் வங்கிக்குப் போய்ச் சேரும். அதே இரவு உங்கள் பேரேட்டில் 2,400 வரவு எழுதப்படும், கூடவே 2,400 காத்திருக்கும் தொகையாகவும் குறிக்கப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் எடுக்கக்கூடிய இருப்பு ஒரு காசும் கூடாது. அந்தப் பக்கத்து வங்கி கையெழுத்தைப் பார்க்கும், கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும், நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இருக்கிறதா என்று பார்க்கும். ஏதாவது ஒன்று பிசகினால் மறுநாள் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பவேண்டிய நேரம் தாண்டி, வங்கிகளுக்கு இடையே பணம் கைமாறிய பிறகுதான் பூட்டு திறக்கும். அதுதான் செவ்வாய் பிற்பகல் 2 மணி.

நீங்கள் செயலியைத் திறந்து பார்த்தது செவ்வாய் காலை. சரியாக இடைப்பட்ட நேரம். பேரேட்டில் பணம் வந்துவிட்டது, கையில் வரவில்லை. ஜைரோ கழிப்புகளை வங்கிகள் பெரும்பாலும் அதிகாலையிலேயே ஓட்டிவிடும். அதனால்தான் ஜைரோவுக்கான பணம் முதல் நாளே கணக்கில் இருக்கவேண்டும் என்று சொல்கிறோம். அந்த அதிகாலையில் கணினி உங்கள் 3,420-ஐ ஏறெடுத்தும் பார்க்காது. அது பார்ப்பது எடுக்கக்கூடிய இருப்பை மட்டும். 870 இருக்கிறது, கேட்பது 960, போதாது. பாதித் தொகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் ஜைரோவில் இல்லை, ஆகவே முழுவதையும் மறுத்துவிட்டது.

எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்: 90 வெள்ளி. காசோலையை அறவே மறந்துவிட்டுப் பார்த்தால்கூட உங்கள் கணக்கில் முன்பே 1,020 வெள்ளி இருந்தது. கட்டணம் 960. அது தாராளமாகப் போயிருக்கும், 60 வெள்ளி மிச்சமும் இருந்திருக்கும். அதைத் தடுத்தது சனிக்கிழமை ஹோட்டல் மேசையில் நீட்டிய கார்டு. வெள்ளிக்கிழமை 3.30-க்கு முன்பு காசோலையைப் போட்டிருந்தாலும் திங்கள் பிற்பகலே பணம் திறந்திருக்கும், அப்போதும் தப்பித்திருக்கலாம். இரண்டில் ஒன்று சரியாக அமைந்திருந்தால் இந்தச் செய்தி உங்களுக்கு வந்திருக்காது.

அந்த ஹோட்டல் பணியாளர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. உண்மையில் அவர்கள் காசு எடுக்கவில்லை. அறையில் ஏதாவது உடைந்தால், சாப்பாட்டுச் செலவு சேர்ந்தால் எடுத்துக்கொள்வதற்காக 150 வெள்ளிக்கு உங்கள் வங்கியிடம் முன் அனுமதி வாங்கினார்கள். வங்கி "சரி" என்று சொல்லி ஓர் அனுமதி எண்ணைக் கொடுத்தது, கூடவே அந்த 150-ஐ எடுக்கக்கூடிய இருப்பிலிருந்து ஒதுக்கிவைத்தது. பேரேட்டில் எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் எதுவும் செலவாகவில்லை. ஆகையால் கணக்கு விவரத்தில் தேதிவாரியாகத் தேடினால் இந்த 150 உங்கள் கண்ணில் படாது. கார்டு பகுதிக்குள் போய், Pending என்றோ Earmarked என்றோ On Hold என்றோ இருக்கும் இடத்தில் பாருங்கள். சில செயலிகளில் எடுக்கக்கூடிய இருப்பின் மேல் விரலை வைத்தால்தான் அது விரியும்.

நெட்ஸுக்கும் டெபிட் கார்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒரே பிளாஸ்டிக் அட்டையில் இரண்டும் இருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. தேக்கா சந்தையில் நெட்ஸில் 20 வெள்ளிக்கு ஆட்டிறைச்சி வாங்கினால், அந்த நொடியே பேரேட்டிலும் 20 குறையும், எடுக்கக்கூடிய இருப்பிலும் 20 குறையும். விவகாரம் அங்கேயே முடிந்தது. அதே அட்டையின் விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியில் கட்டினால் முதலில் எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் குறையும். கடைக்காரர் அன்றைய கணக்கை முடித்து அனுப்பி, அது சுற்றி வந்து உங்கள் வங்கியை அடைய ஓரிரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அப்போதுதான் பேரேட்டில் செலவு எழுதப்படும். ஒதுக்கிவைத்தது விலகி, உண்மையான கழிப்பு அதன் இடத்தில் உட்காரும். அந்த இடைப்பட்ட நாள்களில் பேரேட்டு இருப்பைப் பார்த்துச் செலவு செய்கிறவர், ஏற்கெனவே செலவழித்த பணத்தை இன்னொரு முறை செலவழிக்கிறார்.

ஹோட்டல் விவகாரத்தில் கழிப்பு வரப்போவதில்லை, ஒதுக்கம் விலகவேண்டியதுதான் பாக்கி. ஹோட்டல் தன் இயந்திரத்தில் அனுமதியை ரத்து செய்து அனுப்பினால், அது உங்கள் வங்கியை எட்டியதும் விலகிவிடும். அவர்கள் அனுப்பாவிட்டால், வங்கி தன் விதிப்படி சில நாள்கள் காத்திருந்து தானே விலக்கும். ஒரு வாரத்தை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம்வரை நீண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். விரைவாக வேண்டுமென்றால் ஹோட்டலை அழைத்து, "ரத்து செய்த தேதியையும் அனுமதி எண்ணையும் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த எண்ணோடு வங்கியை அழைத்தால் பேச்சு இரண்டே நிமிடத்தில் முடியும். எண் இல்லாமல் அழைத்தால் வங்கி ஹோட்டலைக் கேட்கச் சொல்லும், ஹோட்டல் வங்கியைக் கேட்கச் சொல்லும். நீங்கள் நடுவில் அலையவேண்டியிருக்கும்.

ஒதுக்கிவைத்த தொகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில கடைகள், குறிப்பாக வெளிநாட்டு இணையக் கடைகள், பொருளை அனுப்பும்போதுதான் கணக்கை அனுப்பும். அதற்குள் வங்கி வைத்திருந்த ஒதுக்கம் காலாவதியாகி விலகிவிடலாம். அப்போது எடுக்கக்கூடிய இருப்பு திடீரென்று கூடும். பணம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அதைச் செலவழித்துவிட்டால், பத்து நாள் கழித்து உண்மையான கழிப்பு வந்து நிற்கும். ஏற்கெனவே அனுமதி கொடுத்த தொகை என்பதால் வங்கி அதைக் கட்டியாகவேண்டும், உங்கள் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகும். காரணமில்லாமல் கூடியதுபோல் தெரியும் பணத்தை, அது எங்கிருந்து வந்தது என்று பேரேட்டில் ஒரு வரவு வரியைக் கண்ணால் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

இன்று நீங்கள் செய்யவேண்டியது எளிது. முதலில் பாலர் பள்ளி அலுவலகத்தை அழைத்து, ஜைரோவை இன்னொரு முறை ஓட்டுவார்களா அல்லது நீங்களே கட்டவேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் பேநவ்வில் கட்டிவிட்டு, அவர்களும் அடுத்த வாரம் மறுபடி கழித்துக்கொண்டால் 960 இரண்டு முறை போய்விடும். திரும்ப வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். நீங்களே கட்டவேண்டும் என்றால் 2 மணி தாண்டி, Clearing Balance பூச்சியமாகி, Available Balance 3,270 என்று மாறியதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அந்த 2 மணிக்குப் பேரேடு 3,420-இலிருந்து மறுபடி 1,020-க்கு இறங்கியிருந்தால்? இறங்கியிருந்தால் காசோலை திரும்பிவிட்டது என்று பொருள். எழுதிய வரவை வங்கி செலவாக எழுதி அடித்துவிடும். நீங்கள் கொடுத்த தாள் உங்களுக்குத் திரும்ப வராது. அதற்குப் பதிலாகக் காசோலையின் படமும் திரும்பியதற்கான காரணமும் அச்சிட்ட ஒரு தாள் அஞ்சலில் வரும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மறுபடி வங்கியில் செலுத்த அதுவே காசோலையின் இடத்தில் செல்லும். காரணத்தைப் படியுங்கள். கையெழுத்து மாறுபடுகிறது, தேதி தவறு என்று இருந்தால் நிறுவனத்திடம் சொல்லி வேறு காசோலை வாங்கலாம். Refer to Drawer என்று இருந்தால், கொடுத்தவரையே போய்க் கேள் என்று அவருடைய வங்கி நாசூக்காகச் சொல்கிறது; பெரும்பாலும் அங்கே பணம் இல்லை. அந்த நிறுவனத்துக்கு அடுத்த முறை பலகாரம் அனுப்புவதற்கு முன்பு பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. பேரேட்டு இருப்புக்கும் எடுக்கக்கூடிய இருப்புக்கும் உள்ள இந்த ஒரு நாள் இடைவெளியில்தான் ஒரு மோசடி வாழ்கிறது. உங்களைப்போல் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள்தான் அதில் விழுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா பழைய சாப்பாட்டு மேசையையும் நாற்காலிகளையும் 800 வெள்ளிக்கு விற்க இணையத்தில் விளம்பரம் போட்டார். வாங்குவதாகச் சொன்னவர் வெள்ளிக்கிழமை மதியமே அவர் கணக்கில் காசோலை போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினார், ரசீதின் படத்தையும் சேர்த்து. அன்று இரவு அம்மா செயலியைத் திறந்தார். பேரேட்டு இருப்பு 2,350-இலிருந்து 5,150 ஆகியிருந்தது. 800-க்குப் பதில் 2,800. சனிக்கிழமை காலை அந்த ஆள் அழைத்தார். "அக்கா, அலுவலகத்தில் தவறாக எழுதிவிட்டார்கள். மீதி 2,000-ஐ பேநவ்வில் அனுப்பிவிடுங்கள், லாரிக்காரருக்கு நான் இன்றைக்கே கொடுக்கவேண்டும்" என்றார். பேச்சில் அவ்வளவு பணிவு. அம்மாவும் நேர்மையானவர், அடுத்தவர் பணம் தம் கணக்கில் இருப்பது அவருக்கு உறுத்தியது. அனுப்பிவிட்டார். திங்கள் பிற்பகல் காசோலை திரும்பியது.

இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் அனுப்பிய 2,000 அந்தக் காசோலையின் பணம் இல்லை; அதை எடுக்க வங்கி விட்டிருக்கவே விட்டிருக்காது. சனிக்கிழமை அவருடைய எடுக்கக்கூடிய இருப்பு முன்பு இருந்த அதே 2,350 தான். அவர் அனுப்பியது அவருடைய சொந்தச் சேமிப்பு. பேரேட்டில் 5,150 என்று பெரிதாக நின்றதால், அனுப்பிய பிறகும் 3,150 மிச்சம் இருப்பதுபோல் தெரிந்தது. கையில் உண்மையாக மிஞ்சியது 350. அவர் அந்த வார இறுதியில் எடுக்கக்கூடிய இருப்பு என்ற வரியை ஒருமுறை பார்த்திருந்தால், உள்ளே வந்ததாகச் சொல்லப்பட்ட பணத்தால் அது ஒரு காசும் கூடவில்லை என்பது தெரிந்திருக்கும்.

மோசடிக்காரர் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. வாரநாளில் போட்டால் அவருக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் அவகாசம். வெள்ளியில் போட்டால் திங்கள் பிற்பகல்வரை கிடைக்கிறது. நடுவில் பொது விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் கூடுகிறது. பணம் அனுப்பும் வழியோ எந்நேரமும் திறந்திருக்கிறது. 2014-இல் வந்த ஃபாஸ்ட் முறையும், அதன் மேல் 2017-இல் வந்த பேநவ்வும் சனி, ஞாயிறு, நள்ளிரவு பார்க்காமல் சில நொடிகளில் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அனுப்பியவர் தாமாக அதைத் திரும்ப இழுக்க முடியாது. உள்ளே வருவது திரும்பக்கூடிய காசோலை, வெளியே போவது திரும்பாத பேநவ்.

ஆகவே யாராவது "கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்பு" என்று கேட்டால், காசோலை தீர்ந்து அதன் பணம் எடுக்கக்கூடிய இருப்பில் சேரும்வரை அனுப்பாதீர்கள். நேர்மையான மனிதர் ஒரு நாள் காத்திருப்பார். அவசரப்படுத்தினால் மோசடி உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள், அதன் பிறகு வங்கியை அழையுங்கள். உங்கள் பலகாரத் தொழிலிலும் இது வரும்: 300 வெள்ளி முறுக்குக்கு 1,300 வெள்ளிக் காசோலை போட்டு, மீதியைப் பூக்காரருக்கோ பந்தல்காரருக்கோ அனுப்பச் சொல்வார்கள்.

காசோலை கொடுக்கும் உங்கள் வாடிக்கை நிறுவனத்திடம் பேநவ்வுக்கு மாறச் சொல்லிப் பார்க்கலாம். எப்படியும் அவர்கள் மாறித்தான் ஆகவேண்டும். நிறுவனங்களுக்குப் புதிய காசோலைப் புத்தகம் கொடுப்பதை 2025 இறுதியோடு நிறுத்துவது, அவர்களுடைய சிங்கப்பூர் வெள்ளிக் காசோலைகளைத் தீர்ப்பதை 2026 டிசம்பர் 31-உடன் நிறுத்துவது என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் முடிவு செய்திருக்கின்றன. தனிநபர்களின் காசோலைகள் அதற்குப் பிறகும் சில காலம் இருக்கும். பேநவ்வில் பணம் வந்தால் காத்திருக்கும் தொகை என்ற ஒன்றே இருக்காது. பேரேடும் எடுக்கக்கூடிய இருப்பும் ஒரே நொடியில் ஏறும். கார்டு ஒதுக்கம் மட்டும் அப்போதும் தொடரும் என்பதால், ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் கடன் அட்டையைக் கொடுப்பதுதான் நல்லது. அதில் ஒதுக்குவது கடன் வரம்பைத்தான், உங்கள் மகளின் பள்ளிக் கட்டணத்தை அது தொடாது. கடன் அட்டை இல்லையென்றால், ரொக்கமாக முன்பணம் வாங்கிக்கொள்வார்களா என்று ஹோட்டலில் கேட்டுப் பாருங்கள். வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

இன்று 2 மணிக்குப் பிறகு உங்கள் திரையில் Ledger Balance 3,420, Clearing Balance 0, Available Balance 3,270 என்று நிற்கவேண்டும். அந்த 150 வெள்ளி வித்தியாசம் ஹோட்டலின் ஒதுக்கம் விலகும் நாள்வரை தொடரும், நீங்கள் கட்டும் 960 இரண்டு வரிகளிலிருந்தும் குறைந்த பிறகும்கூட: பேரேட்டில் 2,460, எடுக்கக்கூடியதில் 2,310. இரண்டு எண்களும் ஒன்றாகும் நாளில் அந்த விவகாரம் முடிந்தது. அதற்கு முன்பு, அடுத்த மாதக் கட்டணத்துக்கான ஜைரோ தேதி எப்போது என்று பார்த்து, அதற்கு முதல் நாள் இரவு எடுக்கக்கூடிய இருப்பில் 960-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.